தேய்த்த இடத்திலேயே மறுபடி புண்: புது பல்செட் அனுபவங்கள்

கிளினிக் உதவியாளர்
மேல், கீழ் இரண்டும் முழு செட் போட்ட பெரியவர். கீழ்த்தாடையின் முன்பக்கம், நாக்கைப் பார்த்த சரிவில் புண். முதல் ரிவ்யூவில் அந்த இடத்துக்கு நேரே செட்டின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கொடுத்தார்கள். சில நாள் நிம்மதி. அப்புறம் அதே சரிவில், கொஞ்சம் தள்ளி. மறுபடி தேய்ப்பு, மறுபடி புண்.

அடுத்த முறை டாக்டர் தேய்க்கிற கருவியான பர்ரை எடுக்கவேயில்லை. கீழ் செட்டைக் கடைவாய்ப் பல் இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் விரலால் அழுத்தினார். வலி இல்லை. "மெதுவா மூடுங்க, பல் தொட்டதும் நிறுத்துங்க" என்றார். தொட்டது. "இப்ப இறுக்கிக் கடிங்க." கீழ் செட் மொத்தமாக முன்னால் வழுக்கியதை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். பெரியவர் முகம் சுளித்தது அந்த நொடியில்தான். இதே மாதிரி பார்த்தவர்கள் எழுதுங்க.

பழைய செட்காரர்
எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? புது செட் என்றால் புண் வரத்தான் செய்யும். ஈறு பழகி கெட்டியாகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டிருந்தால் தானாகச் சரியாகிவிடும். கழற்றிக் கழற்றி வைப்பவர்களுக்குத்தான் பழகவே பழகாது.

முழுசெட் டாக்டர்
ஐயா சொல்வதில் பாதி சரி. முதல் சில நாட்களில் எச்சில் அதிகமாவது, வாய் நிறைந்த மாதிரி இருப்பது, பேச்சு குழறுவது, இதெல்லாம் பழகப் பழகப் போகும். புண் அப்படி இல்லை. செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் ஓர் இடத்தில் மட்டும் அதிகமாக அழுத்தினால் ஈறு அங்கே கெட்டிப்படாது, கிழியும். அதற்காகத்தான் செட் கொடுத்த மறுநாளே ஒரு ரிவ்யூ, பிறகு இரண்டு மூன்று நாளில் ஒன்று, ஒரு வாரத்தில் ஒன்று என்று வைக்கிறோம்.

உதவியாளர் சொன்ன கேஸில் முக்கியமானது அந்த விரல் சோதனை. விரலால் அழுத்தும்போதே வலித்தால் குற்றம் பெரும்பாலும் செட்டின் உள்பக்கத்தில். விரலுக்கு வலிக்காமல் கடிக்கும்போது மட்டும் வலித்தால் முதலில் கடியை, அதாவது மேல் கீழ்ப் பற்கள் சேரும் விதத்தை, சந்தேகப்பட வேண்டும். இந்தப் பெரியவருக்குத் தாடை இயல்பாகப் பின்னால் போய் மூடும் நிலையும், பற்கள் முழுசாகப் பொருந்தும் நிலையும் ஒன்றாக இல்லை. கடைவாயில் ஒரு பல்லின் சரிவு முதலில் இடித்து, கீழ் செட்டை முன்னால் தள்ளுகிறது. செட் முன்னால் போனால் அதன் உள்பக்கம் தாடை மேட்டின் நாக்குப்பக்கச் சரிவில் உரசும். உள்பக்கத்தை எவ்வளவு தேய்த்தாலும் தள்ளுகிற பல் அப்படியேதான் இருக்கும். தேய்க்கிற ஒவ்வொரு முறையும் செட்டின் பிடிப்புதான் குறையும்.

அம்மாவுக்காக எழுதுகிறேன்
எங்க அம்மா ரிவ்யூவுக்குப் போகாமல் வீட்டில் உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்துவிட்டார்கள். புண் நாக்குக்கு அடியில், பின்னால். விழுங்கும்போதுதான் வலி என்பார்கள். இப்போ செட் தூக்கிக்கொண்டே இருக்கிறது. இதுவும் கடிப் பிரச்சினையா டாக்டர்?

முழுசெட் டாக்டர்
இல்லைம்மா, விழுங்கும்போது வலி என்றால் வேறு கதை. நாக்குக்கு அடியில் வாயின் தளமாக இருக்கும் தசை விழுங்கும்போது மேலே எழும். செட்டின் நாக்குப்பக்க ஓரம் அங்கே நீளமாக இருந்தால் தசை ஓரத்தில் மோதும். கீறல் போல நீண்ட புண் வரும். உதட்டை ஈறோடு இணைக்கும் உதட்டு நாண் பக்கம் வரும் புண்ணும் இந்த வகைதான். சிலருக்கு அந்தப் பக்க எலும்பு விளிம்பே கூர்மையாக இருக்கும், அப்போது ஓரத்தோடு உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

சரி செய்யும் முறை: புண்ணைப் பஞ்சால் துடைத்துக் காயவைத்து, அதற்கென உள்ள வண்ணக்குச்சியால் அதன் மேல் தொட்டுவிட்டு, செட்டை வைத்து எடுத்தால் நிறம் அக்ரிலிக்கில் ஒட்டியிருக்கும். அந்த அளவுக்கு மட்டும் பர் போட்டு, ஓரத்தை உருட்டி, பாலிஷ் செய்து, மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் எங்கே தேய்க்க வேண்டும் என்று தெரியாது. தேவையில்லாத ஓரம் போனால் உள்ளே காற்று புகுந்து செட் தூக்கும். அம்மாவுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். போன ஓரத்தை டாக்டர் மறுபடி வைத்துக் கட்டலாம், செட் வீணாகிவிடவில்லை.

இன்னொன்று. புண் வந்ததும் பலர் செட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து வருகிறார்கள். புண் ஆறியிருக்கும், எங்கே என்று காட்ட எதுவும் இருக்காது. தாங்க முடியாத வலி இருந்தால் கழற்றி வையுங்கள், ஆனால் வருவதற்கு முன் சில மணி நேரமாவது போட்டுக்கொண்டு வாருங்கள்.

லேப் டெக்னீஷியன்
எல்லாப் பழியும் கடி மேலே போகுதே என்பதால் எழுதுகிறேன். அக்ரிலிக் வேகும்போது கொஞ்சம் சுருங்கும், அதில் பல் லேசாக நகரவும் செய்யும். உள்ளே சின்ன முண்டு நிற்பதும் உண்டு. விரலை ஓட்டினாலே தெரியும், கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிடலாம். அழுத்தும் இடத்தைக் காட்டும் பிரஷர் பேஸ்ட்டை உள்பக்கத்தில் தடவிப் பார்க்காமல் கடி கடி என்று சொல்வதும் தப்பு.

பேஸ்ட்டைத் தடிமனாக அப்பினால் எதுவும் தெரியாது. செட்டை நன்றாகத் துடைத்துவிட்டு, பிரஷ் கோடுகள் ஒரே திசையில் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகத் தடவணும். வைத்து அழுத்தி எடுத்தால், கோடு அப்படியே இருந்தால் அங்கே ஈறு தொடவே இல்லை. கோடு கலைந்து பேஸ்ட் பரவியிருந்தால் சரியான தொடல். பேஸ்ட் முழுசும் ஒதுங்கி அக்ரிலிக் தெரிந்தால் அழுத்தம்.

முழுசெட் டாக்டர்
முழுக்க ஒத்துக்கொள்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. உள்ளே வளைந்த இடம் இருந்தால் செட்டை வைக்கும்போதும் எடுக்கும்போதும் பேஸ்ட் வழித்துக்கொண்டு வரும். அது அழுத்தம் மாதிரியே தெரியும். வாய் காய்ந்தவர்களுக்கும் பேஸ்ட் ஈறிலேயே ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். பேஸ்ட் காட்டிய இடமும் ஈறில் சிவந்த இடமும் பொருந்தினால்தான் பர் எடுக்கணும்.

கிளினிக் உதவியாளர்
பெரியவர் விஷயத்தை முடிக்கிறேன். வாயில் வைத்தே நீலத் தாளைக் கடிக்க வைத்தபோது எல்லாப் பல்லிலும் அழகாக நிறம் விழுந்தது. செட் வழுக்கி முடிந்த பிறகு விழுந்த நிறம் என்று டாக்டர் சொன்னார். புண் கொஞ்சம் ஆறட்டும் என்று இரண்டு நாள் செட்டைக் கழற்றி வைக்கச் சொன்னார். பிறகு பல்லும் பல்லும் தொடாதபடி நடுவில் மெழுகு வைத்துக் கடியைப் பதிவு செய்து, இரண்டு செட்டையும் தாடை மாதிரி திறந்து மூடும் ஆர்ட்டிகுலேட்டர் கருவியில் ஏற்றினார். அங்கே பார்த்தால் வலது கடைசிப் பல் மட்டும் தொட்டது. அந்தச் சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தொடும்வரை கொண்டுவந்தார். உள்பக்கத்தில் கை வைக்கவில்லை.

லேப் டெக்னீஷியன்
அதை செட் கொடுக்கிற நாளிலேயே செய்திருந்தால் பெரியவர் இத்தனை தடவை வந்திருக்க வேண்டாமே?

முழுசெட் டாக்டர்
செய்யலாம், நான் செய்கிறேன். ஒரு வாரம் போட்டு செட் ஈறில் உட்கார்ந்த பிறகு செய்தால்தான் கடி நிஜமாகக் கிடைக்கும் என்று சொல்லும் நல்ல டாக்டர்களும் இருக்கிறார்கள்.

மேல்செட் மட்டும்
எனக்கு மேல் அண்ணம் முழுக்கச் சிவந்திருக்கிறது. வலி இல்லை. எங்கே தேய்க்கச் சொல்லணும்?

முழுசெட் டாக்டர்
எங்கேயும் தேய்க்கச் சொல்லாதீர்கள். செட் மூடியிருக்கும் இடம் முழுக்க வலியில்லாமல் சிவந்திருந்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. இராத்திரியும் செட் போட்டுத் தூங்குபவர்களுக்கு அதிகம். படுக்கும்போது கழற்றித் தண்ணீரில் வையுங்கள், செட்டையும் அண்ணத்தையும் பிரஷ் செய்யுங்கள், டாக்டரிடம் காட்டி மருந்து வாங்குங்கள்.

இங்கே படிக்கும் எல்லோருக்கும்: அழுத்தத்தை எடுத்தபின் புண் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிட வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் நின்றால், அடியில் கெட்டியாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும், இன்னொரு தடவை தேய்த்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. சதை எடுத்துப் பரிசோதிக்கணுமா என்று கேளுங்கள்.

பழைய செட்காரர்
நான் இருபது வருஷமா இராத்திரியும் போட்டுத்தான் தூங்குறேன், ஒண்ணும் ஆகலை.

முழுசெட் டாக்டர்
ஐயா, கடைசியாக ஒரு டாக்டர் உங்கள் அண்ணத்தைப் பார்த்து எவ்வளவு நாள் ஆச்சு?