டச்சிங் ஷீட்: மூன்று குதிரைக்கும் ஒரே தொகை காட்டுகிறது, ஆனால் வருவது வேறு

அரசலாறு (கும்பகோணம்):
வணக்கம். வீட்டிலிருந்தே எக்செல், கூகுள் ஷீட் வேலைகள் எடுத்துச் செய்கிறேன். இங்கிலாந்தில் இருக்கும் ஒருவர் குதிரைப் பந்தயத்துக்கு டச்சிங் கணக்கு கேட்டார். 100 பவுண்டை மூன்று குதிரைகள் மேல் பிரித்துக் கட்ட வேண்டும், அந்த மூன்றில் எது ஜெயித்தாலும் ஒரே தொகை கைக்கு வர வேண்டும்.

ஆட்ஸ் 5/2, 4/1, 7/1. ஷீட்டில் 5/2 என்று அடித்தால் அது பிப்ரவரி 5 ஆகிவிடுகிறது. அதனால் நானே வகுத்து 2.5, 4, 7 என்று போட்டேன். 1ஐ ஒவ்வொன்றாலும் வகுத்து, அந்த விகிதத்தில் 100ஐப் பிரித்தேன். கட்ட வேண்டியது 50.45, 31.53, 18.02 என்று வந்தது. அதை ஆட்ஸால் பெருக்கிப் பார்த்தால் மூன்றுக்கும் 126 பவுண்டு சொச்சம். சமம்தானே?

ஆனால் புக்கி பக்கத்தில் 176.58, 157.65, 144.16 என்று காட்டுகிறதாம். "உங்கள் ஷீட் தப்பு" என்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ஃபார்முலாவைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், தப்பு தெரியவில்லை.

டெல்டா டிராக்டர் (மன்னார்குடி):
தம்பி, இதுக்கு ஏன் தலைகீழ் கணக்கு? எங்கள் ஊரில் மூன்று பேர் சேர்ந்து அறுவடை மிஷின் எடுத்தால், யார் வயலில் எத்தனை மணி நேரம் ஓடியதோ அந்த விகிதத்தில் வாடகையைப் பிரிப்போம். ஆட்ஸ் 5, 4, 7 என்றால் மொத்தம் 16 பங்கு. 100ஐ 16ஆல் வகுத்துக் கொடுத்தால் முடிந்தது.

மணல்மேடு82:
ரவுண்டிங் பிரச்சினையாக இருக்கும். ROUND போட்டுப் பாருங்கள்.

கல்லணைக்காரன்:
டிராக்டர் அண்ணே, நீங்கள் செலவைப் பிரிக்கிறீர்கள். இவருக்கு வரவு சமமாக வேண்டும். ஆட்ஸ், அதாவது விலை, அதிகம் உள்ள குதிரைக்குக் குறைவாகத்தான் கட்ட வேண்டும், உங்கள் கணக்கில் 7/1 குதிரைக்குத்தான் அதிகம் போகிறது.

ரவுண்டிங்கும் இல்லை. ரவுண்டிங்கில் பென்னி கணக்கில்தான் வித்தியாசம் வரும், 30 பவுண்டு வராது. அரசலாறு, புக்கி காட்டிய தொகையிலிருந்து உங்கள் ஷீட் தொகையைக் கழித்துப் பாருங்கள். முதல் குதிரைக்கு 176.58லிருந்து 126.13 போனால் 50.45. அந்தக் குதிரை மேல் நீங்கள் கட்டியதே அவ்வளவுதான். மற்ற இரண்டிலும் இப்படியே வரும், ஓரிரு பென்னி முன்னே பின்னே இருக்கும்.

5/2 என்றால் 2 பவுண்டு கட்டினால் 5 பவுண்டு லாபம், கட்டிய 2ம் திரும்ப வரும். 2.5 என்பது லாபம் மட்டும்தான். கட்டிய பணத்தையும் சேர்த்தால் அது 3.5. நீங்கள் லாபத்தைச் சமமாக்கியிருக்கிறீர்கள், அவர் கேட்டது கைக்கு வரும் மொத்தம் சமமாக இருக்க வேண்டும் என்று. உங்கள் சரிபார்ப்பும் அதே 2.5ஆல்தான் பெருக்குகிறது, பிறகு எப்படித் தப்பைக் காட்டும்?

3.5, 5, 8 என்று வைத்துப் போடுங்கள். தலைகீழாக்கிக் கூட்டினால் 0.6107. கட்ட வேண்டியது 46.78, 32.75, 20.47. எது ஜெயித்தாலும் 163 பவுண்டு 74 பென்னி, ஒன்றிரண்டு பென்னி வேண்டுமானால் கூடக் குறைய வரும்.

தேதித் தொல்லைக்கு, மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் B, C என்று தனித்தனிக் கட்டத்தில் வாங்குங்கள். மொத்தப் பணம் G1இல். D, E, F முறையே:

```
=1+B2/C2
=$G$1*(1/D2)/SUMPRODUCT(1/$D$2:$D$4)
=E2*D2
```

D2:D4இல் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பூஜ்யத்தால் வகுத்த பிழை வரும். குதிரை எண்ணிக்கை மாறினால் அந்த எல்லையையும் மாற்றுங்கள்.

மணல்மேடு82:
ஓ, அந்த ஒன்றைக் கூட்டவில்லையா! அப்போ 100 போட்டால் எப்படியும் 63 லாபம். இது தெரியாமல் இவ்வளவு நாள் இருந்துவிட்டோமே.

கல்லணைக்காரன்:
எப்படியும் இல்லை. அந்த மூன்றில் ஒன்று ஜெயித்தால்தான். நாலாவது குதிரை முந்தினால் 100ம் போச்சு. அந்த 0.6107ஐயே பாருங்கள்: இதே விலையில் போட்டுக்கொண்டே இருந்தால், 100 பந்தயத்துக்கு 61க்கு மேல் இந்த மூன்றில் ஒன்று ஜெயித்தால்தான் கைநட்டம் இல்லை. டச்சிங் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். விலை மோசமாக இருந்தால் அதை நல்லதாக மாற்றாது.

எல்லாக் குதிரை மேலும் கட்டிவிடலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரே புக்கியிடம் எல்லாவற்றையும் தலைகீழாக்கிக் கூட்டினால் 1ஐத் தாண்டும், அதில்தான் அவர் பிழைப்பு. கூட்டுத்தொகை 1.15 என்றால் 100 கட்டி எது ஜெயித்தாலும் 86.96 வாங்கிக்கொண்டு வரலாம். சமமாகத்தான் வரும், நட்டமும் சமமாக.

இன்னொன்று, இங்கிருந்தே ஆன்லைனில் போட்டுப் பார்க்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பணம் கட்டும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது.

வெற்றிலைக்கொடி (ஆவூர்):
எங்கள் பெரியப்பா கிண்டியில் டோட்டில் இப்படிப் பிரித்துக் கட்டுவார். ஒரு தடவைகூடச் சமமாக வந்ததில்லை என்று புலம்புவார். அவரும் இந்த ஒன்றைக் கூட்டாமல் விட்டிருப்பாரோ?

கல்லணைக்காரன்:
டோட் கதை வேறு. அங்கே எல்லார் பணமும் ஒரு குவியலாகச் சேர்ந்து, கழிவு போக மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரிப்பார்கள். கவுன்டர் மூடிய பிறகுதான் கடைசி விலை தெரியும். கட்டும்போது போர்டில் பார்த்த விலையை வைத்துப் பிரித்தால் சமமாக வந்தாலே ஆச்சரியம். பெரியப்பா கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அரசலாறு:
ரொம்ப நன்றி சார். B, C முறைக்கு மாற்றிவிட்டேன், பழைய ஆட்ஸ் போட்டுப் பார்த்ததில் பொருந்துகிறது. ஆனால் அவர் இன்னொரு பந்தயச் சீட்டும் அனுப்பியிருக்கிறார். அதே விலைகள், புது ஷீட் சொன்னபடிதான் கட்டினார். 5/2 குதிரைதான் ஜெயித்தது. வந்தது 152 பவுண்டு சொச்சம். அந்தப் பந்தயத்தில் 8/1 விலையில் இருந்த வேறொரு குதிரை கடைசி நேரத்தில் ஓடவில்லையாம், அது நாம் கட்டியது இல்லை. நாம் கட்டாத குதிரை ஓடாவிட்டால் நமக்கு ஏன் குறைய வேண்டும்?

கல்லணைக்காரன்:
அங்கே இதை ரூல் 4 என்பார்கள். ஒரு குதிரை விலகினால் மற்றவை ஜெயிக்கும் வாய்ப்பு கூடுகிறது, ஆனால் நீங்கள் வாங்கிய விலை பழையது. அதனால் லாபத்தில் ஒரு பங்கைப் பிடிப்பார்கள். விலகிய குதிரையின் விலை 6/1லிருந்து 9/1க்குள் என்றால் பவுண்டுக்கு 10 பென்னி. 46.78 கட்டினார், லாபம் 116.95, அதில் பத்தில் ஒன்று போக 105.25. கட்டியதைச் சேர்த்தால் 152.03. சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

பிடித்தம் லாபத்தில் மட்டும்தான், கட்டிய பணத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் சமமும் கலைந்துவிடும். 4/1 குதிரை வந்திருந்தால் 150.65, 7/1 வந்திருந்தால் 149.43. ஷீட்டில் பிடித்தத்துக்கு H1 என்று ஒரு கட்டம் வைத்து, F2இல் `=E2+E2*(D2-1)*(1-$H$1)` போட்டு இழுத்துவிட்டால் அவருக்கே புரியும். 10 பென்னி என்றால் H1இல் 0.1.

அரசலாறு:
விலகல் முன்கூட்டியே தெரிந்தால், புது விலையில் மேலே கொஞ்சம் கட்டி மறுபடி சமமாக்க முடியுமா? அவர் அடுத்து அதைத்தான் கேட்பார்.

கல்லணைக்காரன்:
முடியும். மூன்றில் அதிகமாக வருவது எதுவோ அதை எட்டும் அளவுக்கு மற்ற இரண்டிலும் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஆனால் அதற்குப் போகும் பணத்தையும் சேர்த்துப் பார்த்தால், 2 பவுண்டு வித்தியாசத்துக்காக இது தேவையா என்று எனக்கே சந்தேகம்.

மணல்மேடு82:
தேவைதான். பெரிய தொகை கட்டுகிறவர்களுக்கு 2 பவுண்டு இல்லை, 200 பவுண்டு.

கல்லணைக்காரன்:
10,000 கட்டுகிறவருக்கு அப்படித்தான். ஆனால் அந்தப் புது விலை நிமிஷத்துக்கு நிமிஷம் இறங்கும். அரசலாறு, அவர் எவ்வளவு கட்டுகிறவர், விலகல் தெரிந்த பிறகு எத்தனை நிமிஷம் கிடைக்கிறது என்று கேட்டுச் சொல்லுங்கள், ஃபார்முலா போட்டுப் பார்ப்போம்.