வியூ ரேட் ஏறியது, போன் அடிக்கவில்லை

முறுக்குக்கடை மருமகன் (சாட்ஸ்வொர்த்):
தீபாவளிக்கு எங்கள் பலகாரக் கடைக்கு யூடியூபில் 40 வினாடி விளம்பரம் விட்டோம், ஸ்கிப் செய்யக்கூடிய வகை. 10,000 இம்ப்ரெஷனுக்கு 1,800 வியூ, அதாவது 18 சதவீதம். நீளம்தான் குறை என்று நினைத்து, முதல் 20 வினாடியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டினேன். வியூ ரேட் 31! பெருமையாக மாமாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தவர், "சரி மாப்பிள்ளை, போன் ஏன் அடிக்கவில்லை?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

பீனிக்ஸ் தம்பி:
எத்தனை பேர் தொடர்ந்து பார்க்கிறார்கள் என்று காட்டும் வரைபடக் கோடு 5ஆவது வினாடியில் பள்ளமாக விழுந்ததா அண்ணா? விழுந்தால் விளம்பரமே சரியில்லை. என் கார்பெட் கடை விளம்பரத்தில் அப்படி விழுந்தது, மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தேன்.

டர்பன் அக்கா:
தம்பி, அநியாயமாகத் தூக்கிப் போட்டுவிட்டீர்களே. ஸ்கிப் பட்டனே 5ஆவது வினாடியில்தான் வருகிறது, யார் எடுத்தாலும் அங்கே பள்ளம் விழும். உங்களுடைய இன்னொரு விளம்பரத்தைவிட எவ்வளவு ஆழம் என்றுதான் பார்க்க வேண்டும்.

மருமகனே, 40 வினாடி விளம்பரத்தில் 30 வினாடி பார்த்தால்தான் வியூ. 20 வினாடியில் முடிவதென்றால் கடைசிவரை இருந்தாலே வியூ. இடையில் கிளிக் செய்தாலும் சேரும், அது சொற்பம். வியூ என்று எண்ணும் எல்லையைத்தான் நீங்கள் முன்னால் நகர்த்தியிருக்கிறீர்கள். பழைய விளம்பரம் 50 சதவீதம்வரை ஓடியது எத்தனை முறை என்று பாருங்கள், அதுவும் 20ஆவது வினாடிதான்.

முறுக்குக்கடை மருமகன்:
3,000. அப்படியென்றால் 30க்கும் 31க்கும்தான் வித்தியாசமா!

டர்பன் அக்கா:
அதேதான். புதியதில் 25 சதவீதக் கணக்கைப் பார்த்தும் மகிழாதீர்கள். அது 5ஆவது வினாடி, அதுவரை யாராலும் ஸ்கிப் செய்ய முடியாது. கடைப் பெயர் எப்போது வருகிறது?

முறுக்குக்கடை மருமகன்:
17இல். அதுவரை அத்தை குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருப்பார்.

டர்பன் அக்கா:
5க்குள் கொண்டுவாருங்கள். வியூவுக்குத்தான் காசு என்று வைத்திருந்தால், ஸ்கிப் செய்பவர் இலவசமாகப் பெயரைப் பார்த்துவிட்டுப் போவார்.

ரோஸ் ஹில் ரசிகர் (மொரிஷியஸ்):
வாட்ச் டைம் பற்றி என்னிடம் கேளுங்கள். என் காவடிப் பாட்டுச் சேனலுக்கு வருமானம் வர 4,000 மணி நேரம் வேண்டுமே என்று காசு கொடுத்து விளம்பரமாக ஓட்டினேன். அதில் வந்த ஒரு நிமிடம்கூட அந்தக் கணக்கில் சேரவில்லை. யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

பீனிக்ஸ் தம்பி:
ஐயா, அது வேறு கணக்கு. அக்கா, பள்ளம் ஆழமாக இருந்ததால்தான் நான் தூக்கினேன், அதையும் எழுதுங்கள்.

முறுக்குக்கடை மருமகன்:
எண்ணெயில் முறுக்கு விழும் காட்சியை முதலில் வைத்து, 3ஆவது வினாடியில் பெயரைக் காட்டினேன். நீளம் அதே 20. வியூ ரேட் 26க்கு இறங்கிவிட்டது, ஆனால் அந்த வாரம் 11 பேர் போன் செய்தார்கள். தீபாவளி நெருங்கியதால் வந்தவர்கள் என்கிறார் மாமா. தன் விளக்கை வெட்டியதால்தான் ரேட் இறங்கியது என்கிறார் அத்தை.