நாலு போன், ஒரே டேட்டா பிளான்: கணக்குப் பார்க்க ஆப் சொல்லுங்களேன்

வீட்டில் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே போஸ்ட்பெய்டு பிளான், மாதம் 75 ஜிபி, பில் சுழற்சி 17ஆம் தேதி தொடங்கும். இந்த முறை 9ஆம் தேதியே காலி, யார் தீர்த்தது என்று வீட்டில் ஒரே பஞ்சாயத்து.

மூன்று ஆண்ட்ராய்டு போன்களிலும் கணக்கு 1ஆம் தேதியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது, செட்டிங்ஸில் 17க்கு மாற்றி, 15 ஜிபியில் எச்சரிக்கையும் வைத்துவிட்டேன். மனைவியின் ஐபோன்தான் தலைவலி. அதில் மாதாமாதம் நாமே Reset Statistics அழுத்தினால்தான் கணக்கு புதிதாகத் தொடங்கும், பார்த்தால் ரெண்டு வருஷத்துக் கணக்கு அப்படியே நிற்கிறது!

அப்புறம் என் ஹாட்ஸ்பாட்டில் பையன் லேப்டாப்பைப் போட்டதில் 11 ஜிபி போயிருக்கிறது, என் போனில் அது மொத்தமாக ஒரே வரியாகத்தான் தெரிகிறது. விண்டோஸ் அப்டேட்டாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, அந்த வைஃபையை லேப்டாப்பில் Metered connection ஆக்கிவிட்டேன்.

GlassWire போட்டுப் பார்த்தேன், ஆப் வாரியாக நன்றாகக் காட்டுகிறது, ஆனால் அந்த ஒரு போனுக்கு மட்டும்தான். ஐபோனையும் சேர்த்து நாலையும் ஒரே இடத்தில் காட்டுகிற ஆப் யாராவது பயன்படுத்துகிறீர்களா? விபிஎன் அனுமதி கேட்பது வேண்டாம், நம் டேட்டா முழுக்க அது வழியாகப் போவதில் எனக்கு இஷ்டமில்லை.