கவுண்டரில் கத்தியவர்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கவுண்டர் பொண்ணு
மூன்று மாதம் ஆகியும் அந்தச் சாவிச் சத்தம் காதிலேயே இருக்கிறது. எங்களுடையது தோட்டத்து முச்சந்தியில் இருக்கும் மின்சாமான் கடை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், வீட்டிலிருந்தே சமையல் ஆர்டர் எடுக்கும் ஓர் அக்கா வந்தார். ஐந்து மாதத்துக்கு முன் எங்களிடம் வாங்கிய ஃப்ரீசர் நின்றுவிட்டதாம். நான் நல்ல பிள்ளையாக வாரண்டி கார்டை எடுத்து, “இதுக்கு சர்வீஸ் ஆள்தான் வரணும், லீவு முடிஞ்சுதான் வருவாங்க” என்றேன். அவர் குரல் ஏறியது. “கொஞ்சம் அமைதியா பேசுங்க அக்கா” என்றேன். அவ்வளவுதான், ஃப்ரீசர் சாவியைக் கண்ணாடி மேல் அடித்தார். கடையே திரும்பிப் பார்த்தது.

எங்கள் லோரி ஓட்டும் அண்ணன் வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “உள்ளே என்னம்மா இருக்கு?” நாற்பது கிலோ ஆடும் கோழியும். “எப்போ நின்னுச்சு? மூடியைத் திறந்தீங்களா?” அக்காவின் குரல் பாதியானது. அந்தக் கேள்வி எனக்கு ஏன் வரவில்லை?

பழைய கடைக்காரர்
தங்கச்சி, அவர் வரும்போது இரண்டு பிரச்சினையோடு வந்தார். இறைச்சிக்கு இன்றைக்கே வழி வேண்டும், ஃப்ரீசர் அடுத்த வாரம் வரை பொறுக்கும். நீங்கள் இரண்டாவதில் ஆரம்பித்துவிட்டீர்கள். நிறைந்த ஃப்ரீசர் மூடியே இருந்தால் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். லோரி அண்ணன் மூடியைப் பற்றிக் கேட்டது அதனால்தான்.

நான் செய்வது இதுதான். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே போக மாட்டேன். பில் தேதி, மாடல், நின்ற நேரம் எல்லாவற்றையும் அவர் கண் முன்னால் நோட்டில் எழுதி, திருப்பிப் படிப்பேன். தான் சொன்னது தாளில் ஏறிவிட்டது என்று தெரிந்தால் பலர் சத்தம் போடுவதை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் என் கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்துச் சொல்வேன்: “புதுசா மாத்தித் தர எனக்கு அதிகாரம் இல்லை. கடையில் இருக்கிற ஃப்ரீசரை இப்பவே ஓட விடுறேன், நல்லா குளிர்ந்ததும் லோரியில் அனுப்புறேன். நாலு மணிக்கு நானே போன் பண்றேன்.” குளிராத ஃப்ரீசரில் நாற்பது கிலோவைப் போட்டால் இன்னொரு சண்டைதான். நாலு மணிக்குச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் போன் பண்ணியே ஆக வேண்டும். “நாளைக்குச் சரியாயிடும்” என்று ஒருமுறை வேறொரு வாடிக்கையாளரிடம் வாய் விட்டேன். சரியாகவில்லை. இரண்டாவது தடவை அவர் தம்பிமாரோடு வந்தார்.

முரட்டு முருகையன்
இவ்வளவு தாஜா எதற்கு? எங்கள் கடையில் “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பெரிய போர்டு இருக்கிறது. கத்தினால் அதைக் காட்டுவேன். பக்கத்துக் கடைக்காரருக்கும் இதைத்தான் சொன்னேன். போர்டை உள்ளே நுழையும் இடத்தில் வைக்க வேண்டும், மூன்று மொழியிலும் எழுத வேண்டும், பில்லிலும் அடிக்க வேண்டும். மேலே கேமரா வைத்தால் இன்னும் நல்லது. பயனீட்டாளர் தீர்ப்பாயம் எல்லாம் பெரிய தொகைக்குத்தான், ஒரு ஃப்ரீசருக்கு யார் போவார்கள்?

பழைய கடைக்காரர்
தம்பி, மனம் மாறித் திருப்பிக் கொண்டுவருபவருக்கு அந்த போர்டு சரி. பழுதான பொருளுக்கு எடுபடாது, 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் உத்தரவாதத்தைக் கடைக்காரர் போர்டு போட்டுக் கழித்துவிட முடியாது. தீர்ப்பாயத்தில் மனுவுக்கு 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், சின்னத் தொகையும் எடுப்பார்கள். கோபமாக இருப்பவரிடம் போர்டைக் காட்டினால் அவரை நீங்களே அங்கே அனுப்புகிறீர்கள்.

லயத்து ராணி
ஃப்ரீசர் என்றதும் சொல்கிறேன், எங்கள் வீட்டில் எக்ஸ்டென்ஷன் ஒயரில் ரைஸ் குக்கரோடு சேர்த்துச் சொருகியிருந்தோம். டிக் டிக் என்று சத்தம் வரும், ஓடாது. நேராகச் சுவர் பிளக்கில் போட்டதும் ஓடியது. நீளமான மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இறங்கிவிடுமாம். எல்லாரும் முதலில் ஒயரைப் பாருங்கள்.

கவுண்டர் பொண்ணு
ராணி அக்கா, சர்வீஸ் ஆளும் அதையேதான் சொன்னார். கத்தும்போதே ஒயரைப் பற்றிக் கேட்டிருந்தால் “என் மேலேயே பழி போடுறியா” என்றிருப்பார். விற்கும்போது நாங்களும் சொல்லவில்லை. அப்படியானால் தப்பு யாருடையது? தவுக்கே இன்னும் வாய் திறக்கவில்லை.

இறைச்சி தப்பியது. கம்பளி போர்த்தி, மூடியைத் திறக்காமல் வைத்திருந்து, ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் ஃப்ரீசருக்கு மாற்றினார்கள். உள்ளே இன்னும் ஐஸ் கட்டியாகவே இருந்ததாம்.

போன வாரம் அந்த அக்கா கெட்டில் வாங்க வந்தார். என் கவுண்டரைத் தாண்டிப் பின்பக்கம் போய், லோரி அண்ணன் இருக்கிறாரா என்று கேட்டார்.