மூன்று மறைவுத்தானாதிபதியும் மறைந்தால் விபரீத ராஜயோகமா? ஒரு கிளிநொச்சிக் குறிப்பு

வட்டக்கச்சி: 1980 சித்திரை முதல் கிழமை, பின்னேரம் நாலரைபோல பிறந்தனான். கன்னி லக்கினம், உரோகிணி. சனி, செவ்வாய், வியாழன், ராகு நாலும் சிம்மத்தில. சூரியன் மேசத்தில, புதன் மீனத்தில, சந்திரனும் சுக்கிரனும் இடபத்தில. ராகு திசை 2011இல முடிஞ்சுது. 2009இல எல்லாத்தையும் விட்டிட்டு முள்ளிவாய்க்கால் வரைக்கும் போனம். பிறகு எழும்பினது விபரீத ராஜயோகத்தாலயா?

சோளகம்: வேற என்ன அண்ணை! கன்னிக்கு ஆறுக்குடைய சனியும் எட்டுக்குடைய செவ்வாயும் பன்னிரண்டில. பன்னிரண்டுக்குடைய சூரியன் எட்டில, அதுவும் உச்சம். ஆறு, எட்டு, பன்னிரண்டு எண்ட மறைவு வீடுகளின்ர அதிபதிகள் மூண்டு பேரும் அந்த வீடுகளுக்குள்ளயே மறைஞ்சிட்டினம். முழு யோகம். விழுந்தவனைத் தூக்கி விடுற யோகம் இதுதான்.

பாலையடி: தம்பி, மறைஞ்சது சரி. ஆர் கூட இருக்கினம் எண்டதையும் பாக்க வேணும். உத்தர காலாமிர்தம் இந்த யோகத்தைச் சொல்லேக்க, அந்த மூண்டு அதிபதிகளோடயும் வேற வீட்டுக்காரர் சேரவும் கூடாது, பாக்கவும் கூடாது எண்டு நிபந்தனை வைக்குது. இங்க வியாழன் செவ்வாயை ஒட்டி நிக்கிறார், சில பாகைதான் இடைவெளி. கன்னிக்கு அவர் நாலுக்கும் ஏழுக்கும் உடையவர். நாலு எண்டா வீடு, காணி. கெட்டது கெட்டதைத் தின்னுறதுதான் யோகம். இதில நல்லதும் சேர்ந்து போயிட்டுது. வீடு, வளவு போன கணக்கு அங்கதான் கிடக்கு.

அடுத்தது, நீங்கள் எல்லாரும் சிம்மத்தையே பாக்கிறியள். ஒன்பதாம் வீட்டைப் பாருங்கோ. பாக்கியாதிபதி சுக்கிரன் சொந்த வீட்டில, லாபாதிபதி சந்திரன் அதே வீட்டில உச்சம். இப்பிடி ஒரு ஒன்பதாம் வீடு இருந்தா, எழும்ப விபரீத யோகமே தேவையில்லை.

குமுழமுனை அக்கா: எனக்கும் எட்டில சனி இருக்கு, 1991இல பிறந்தனான், மிதுன லக்கினம். அப்ப எனக்கும் கடைசியில காசு வருமோ?

பாலையடி: தங்கச்சி, உங்கட சனி மகரத்தில, சொந்த வீட்டில. எட்டுக்குடையவர் எட்டில எண்டது சரி, ஆனா ஒன்பதுக்கும் அவர்தான் அதிபதி. ஒரு கையால தாறதை மற்றக் கை பிடிச்சு வைக்கும். திசை தெரியாமல் காசு வரும் எண்டு நான் சொல்ல மாட்டன்.

சோளகம்: அண்ணை, ஒன்பதாம் வீடுதான் தந்தது எண்டா ஏன் 2009க்கு முந்தித் தரேல்லை?

பாலையடி: திசைதான். அப்ப பன்னிரண்டில இருக்கிற ராகுவின்ர திசை. உண்மையா ஆர் தந்தது எண்டு அறிய ஒரு வழி இருக்கு. வியாழ திசையில எந்தப் புத்தியில வரவு வந்தது எண்டு பாக்க வேணும். சனி புத்தி 2013 நடுவில இருந்து 2016 தொடக்கம் வரை, சுக்கிர புத்தி 2019 நடுவில இருந்து 2022 தொடக்கம் வரை. வட்டக்கச்சித் தம்பி, எப்ப என்ன வந்தது?

வட்டக்கச்சி: 2014இல லாண்ட்மாஸ்டர் எடுத்தன். முதல் காசு சுவிசில இருக்கிற மனுசியின்ர தமையன் அனுப்பினது, மிச்சம் லீசிங். அந்தப் பெரும்போகமே ஊருக்கெல்லாம் உழுதன். பக்கத்து வயல் ரெண்டு ஏக்கர் 2020இல வாங்கினன், கடனில்லாமல்.

சோளகம்: பாத்தீங்களோ! 2014 சனி புத்தி. ஆறாம் வீட்டுக்காரர் கடனாலயே தொழிலைத் தந்திருக்கிறார். இதைவிட விபரீதம் என்ன?

பாலையடி: அதை ஒத்துக்கொள்ளுறன், அந்த லீசிங்கில ஆறாம் வீட்டின்ர மணம் இருக்கு. ஆனா முதல் காசு மச்சானிட்ட இருந்து, வெளிநாட்டில இருந்து வந்தது. ஏழுக்குடைய வியாழன் பன்னிரண்டில எண்டா அதுதானே. 2020 வயல் சுத்தமாச் சுக்கிரன்ர வேலை. ரெண்டையும் ஒரே யோகத்தின்ர தலையில கட்டாதேங்கோ.

இதுக்கெல்லாம் முதல், பிறந்த நேரம் எங்க இருந்து வந்தது தம்பி? அந்த நாளில நாலு மணிக்குக் கிட்டத்தான் சிம்மம் முடிஞ்சு கன்னி பிறக்குது. அரை மணித்தியாலம் பிந்தி எழுதியிருந்தா அந்த நாலு கிரகமும் லக்கினத்தில வந்து இருக்கும். பிறகு இந்தக் கதையே இல்லை.

வட்டக்கச்சி: பழைய குறிப்புக் கொப்பி பொலித்தீன் பையில சுத்தி சுதந்திரபுரத்தில பங்கருக்குள்ள விட்டது. இது 2010இல வவுனியாவில அம்மா சொல்லித் திரும்ப எழுதினது. "மாடு பட்டிக்கு வர முந்தி" எண்டுதான் அம்மா சொன்னவ. நாலரை எண்டு போட்டது சாத்திரியார்.

சோளகம்: சித்திரை வெயிலுக்கு மாடு ஐஞ்சரைக்கு முந்தித் திரும்பாது. அப்ப கன்னிதான்.

பாலையடி: "வர முந்தி" எண்டா மூண்டு மணியும் முந்தித்தானே தம்பி. அம்மாவிட்ட மாட்டைக் கேக்காமல், பள்ளிக்கூடம் போன பிள்ளையள் வீட்டை வந்திட்டினமோ, அடுப்பில என்ன இருந்தது எண்டு கேட்டுப் பாருங்கோ. லக்கினம் உறுதியாகும் வரைக்கும் நான் ஒண்டும் முடிவா எழுத மாட்டன்.

வட்டக்கச்சி: அம்மா இப்ப தங்கச்சியோட விசுவமடுவில. ஞாயிறு போறன். பெரியம்மாவும் பக்கத்திலதான், பேறு பாத்தது அவதான்.