படத்தின் திசையா, கிடப்பா? ஒரு கலைச்சொல் கேள்வி

குலசேகரத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். ரப்பர் தோட்டக்காரர்களுக்கான ஆண்ட்ராய்டு செயலி ஒன்றைத் தமிழில் செய்துவருகிறேன். வெட்டுப்பட்டையில் நோய் தெரிந்தால் கேலரியிலிருந்து படத்தை எடுத்து அனுப்பலாம். கேலரியில் நேராக நிற்கும் மரம் செயலிக்குள் வந்ததும் உச்சியை இடப்பக்கம் நீட்டிப் படுத்துக்கொள்கிறது. “ஒக்கிப் புயல் திரும்ப வந்ததா?” என்று ஒரு தோட்டக்காரர் கேட்டுவிட்டார். படத்தோடு வரும் எக்சிஃப் விவரங்களில் `Orientation` என்ற எண்ணை என் செயலி படிப்பதில்லை, அதைச் சரிசெய்கிறேன். பட விவரப் பக்கத்தில் அந்த எண்ணுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும். ‘திசை’ போதுமா?

தக்கலையிலிருந்து

அமைப்புகளில் திரைச் சுழற்சியைப் பூட்டிவிட்டால் படம் நேராக நிற்குமே. இதற்கு எதற்குப் புதுச் சொல்? எங்கள் இ-சேவை மையத்தில் எல்லாக் கைப்பேசியிலும் பூட்டித்தான் வைத்திருக்கிறோம். ஆனாலும் மேசையில் வைத்து எடுக்கும் பத்திரங்கள் சில நேரம் தலைகீழாக வருகின்றன. அதற்கு வழி இருந்தால் சொல்லுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து

தம்பி, ‘திசை’ வேண்டாம். அதே எக்சிஃபில் `GPSImgDirection` என்று இன்னொன்று இருக்கிறது. கேமரா வடக்கே பார்த்ததா, தெற்கே பார்த்ததா என்பதைச் சொல்வது அதுதான். திசை என்ற சொல்லை அதற்கு விட்டுவையுங்கள்.

நீங்கள் கேட்கும் எண், சேமித்த புள்ளிகளின் முதல் வரிசையும் முதல் நிரலும் பார்வைக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தாலும் பல கேமராக்கள் புள்ளிகளைக் கிடையாகவே எழுதிவிட்டு 6 என்று குறித்துவைக்கும். அந்த 6-க்கு வலமாக 90 பாகை, 8-க்கு இடமாக 90, 3-க்கு 180 திருப்ப வேண்டும். 1 என்றால் தொட வேண்டாம். கைப்பேசியைக் கிடையாகப் பிடித்து எடுத்த படங்கள் உங்கள் செயலியில் ஒழுங்காகத் தெரிந்திருக்குமே, பார்த்தீர்களா? புள்ளிகள் எப்படிக் கிடக்கின்றன என்பதே செய்தி என்பதால் ‘படக்கிடப்பு’ என்கிறேன்.

தக்கலை நண்பருக்கு: திரைப்பூட்டு வேறு, இது வேறு. மேசையை நேர்மேலிருந்து எடுக்கும்போது புவியீர்ப்பு திரைக்குச் செங்குத்தாக இழுப்பதால் எந்தப் பக்கம் மேல் என்று உணரிக்குத் தெரியாது. குறிக்கப்பட்ட எண்ணே தவறாக இருக்கலாம். எண்ணை மட்டும் படிக்கும் செயலியால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. கையால் திருப்பும் பொத்தான் வைப்பதே வழி.

மார்த்தாண்டத்திலிருந்து

‘கிடப்பு’ என்றாலே எனக்குக் கிடப்பில் போட்ட கோப்புதான் நினைவுக்கு வருகிறது, அக்கா. படத்தை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் எண் ஆதலால் ‘நிமிர்த்தக்குறி’ நன்றாக இருக்கும். வேலையும் எளிது: எண்ணைப் படித்துத் திருப்பிச் சேமித்துவிட்டால் முடிந்தது.

நாகர்கோவிலிலிருந்து

கோப்பு பற்றிச் சொன்னது நியாயம்தான். ஆனால் 1 என்ற மதிப்பில் நிமிர்த்த எதுவுமில்லையே, அப்போதும் நிமிர்த்தக்குறியா? திருப்பும் வேலைக்கு ‘நிமிர்த்தல்’ என்று வைத்துக்கொள்ளலாம், அதை ஏற்கிறேன்.

‘சேமித்தால் முடிந்தது’ என்பதில் பாதிதான் சரி. திருப்பிய புள்ளிகளோடு பழைய எக்சிஃபையும் நகலெடுத்தால் 6 அப்படியே நிற்கும். அடுத்த செயலி மறுபடி திருப்பும். மரம் இப்போது மறுபக்கம் விழும். சேமிக்கும்போது அதை 1 ஆக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள `ImageDecoder` தானே நிமிர்த்தித் தருவதால் அதன்மேல் நாமும் திருப்பினால் இதே கதைதான். `BitmapFactory` அப்படிச் செய்யாது.

குலசேகரம் தம்பி, நீங்கள் பயன்படுத்துவது பின்னதாகத்தான் இருக்கும். `androidx` தரும் `ExifInterface` கொண்டு இப்படிப் படியுங்கள்:

```kotlin
val o = resolver.openInputStream(uri)!!.use {
    ExifInterface(it).getAttributeInt(
        ExifInterface.TAG_ORIENTATION, 1)
}
```

படத்தைப் பிரிக்க ஓடையை மீண்டும் திறக்க வேண்டும். ஒருமுறை படித்த ஓடை தொடக்கத்துக்குத் திரும்பாது. `uri`-யைக் கோப்புப் பாதையாக மாற்றவும் முயல வேண்டாம், கேலரி தருவது பெரும்பாலும் பாதையே அல்ல.

இன்னொன்று. 4000-க்கு 3000 புள்ளிப் படம் விரிந்தால், புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 எம்பி. திருப்பும்போது இரண்டாம் பிரதி சேர்ந்து 96 ஆகும். விலை குறைந்த கைப்பேசியில் செயலி அங்கேயே விழுந்துவிடும். `inSampleSize` 4 என்று கொடுத்து முதலில் சிறிதாக்குங்கள். 3 எம்பிதான் வரும், பிறகு திருப்புங்கள்.

குலசேகரத்திலிருந்து

மிக்க நன்றி, அக்கா. சோதித்தேன்: கிடையாக எடுத்த படங்களில் 1, சாய்ந்த மரங்களில் எல்லாம் 6. ஓடையை இருமுறை திறந்ததும் நிமிர்ந்துவிட்டன. விவரப் பக்கத்தில் ‘படக்கிடப்பு’, பொத்தானில் ‘நிமிர்த்து’ என்று போடுகிறேன். மார்த்தாண்டம் அண்ணன் இன்னும் சம்மதிக்கவில்லை என்று தெரியும். 2, 4, 5, 7 ஆகிய மதிப்புகளில் படம் இடம்வலம் மாறியும் இருக்கிறது. ‘கண்ணாடிக் கிடப்பு’ என்றால் யாருக்காவது புரியுமா?

தக்கலையிலிருந்து

எனக்குப் புரியவில்லை. அந்தப் பொத்தான் எங்கள் பத்திரங்களையும் திருப்புமா?