பெயின்ட் ஒட்டிய கையோடு வுழூச் செய்து தொழுதுவிட்டால் என்ன செய்வது?

தெமட்டகொட வாப்பா: அஸ்ஸலாமு அலைக்கும். அண்மையில் இஸ்லாத்தை ஏற்ற என் மச்சான் பெயின்ட் வேலை செய்பவர். அவருக்கும் என் 7 வயது மகனுக்கும் குழாயடியில் ஒன்றாகவே வுழூச் சொல்லிக் கொடுக்கிறேன். நேற்று லுஹர் தொழுத பின்னர், மச்சானின் இடது முழங்கையின் பின்புறத்தில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு எனாமல் பெயின்ட் ஒட்டியிருப்பதை மகன்தான் கண்டான். அன்று காலைக்குப் பிறகு அவர் தூரிகையைத் தொடவில்லை. வுழூ முறிந்துவிட்டதா?

கொள்ளுப்பிட்டிவாசி: பெயின்ட்டைச் சுரண்டி அந்த இடத்தை மட்டும் கழுவினால் போதும். ஹனஃபிகளான எங்கள் மேமன் குடும்பத்தில் அப்படித்தான் செய்வோம். தெரியாமல் நடந்ததால் தொழுகையைத் திருப்பத் தேவையில்லை.

மாளிகாவத்தை நானா: எனக்கு டைல் வெட்டும்போது விரலில் இரத்தம் வந்தது. பெயின்ட்டே வுழூவை முறிக்குமென்றால் இரத்தம் முறிக்காதா?

மத்ரஸா ஆசிரியர்: பெயின்ட் எதையும் முறிப்பதில்லை, நானா, நீர் தோலைத் தொடாததால் வுழூ முதலிலேயே நிறைவேறவில்லை என்பதுதான் இங்குள்ள சிக்கல். உங்கள் விரல் இரத்தத்தால் ஷாஃபிஈ மத்ஹபில் வுழூ முறியாது, ஹனஃபியில் வழிந்தோடினால் முறியும். ஆயினும் தொழுமுன் அதைக் கழுவிக்கொள்ளுங்கள்.

கொள்ளுப்பிட்டிச் சகோதரர் சொன்னதில் பாதி சரி. ஹனஃபிகளுக்கு வரிசை சுன்னத் என்பதால் அந்த இடத்தைக் கழுவினால் வுழூ நிறைவேறிவிடும். ஷாஃபிஈயில் முகம், கைகள், தலை, கால்கள் என்ற வரிசை பர்ளு. ஆகவே ஷாஃபிஈ முறைப்படி உங்கள் மச்சான் பெயின்ட்டை நீக்கி, முழங்கையில் விடுபட்ட இடத்தைக் கழுவி, அதன்பின் தலையை மஸ்ஹு செய்து, இரு கால்களையும் கழுவ வேண்டும். முகத்தை மீண்டும் கழுவத் தேவையில்லை. ஆனால் வுழூவுக்கு முன்பே பெயின்ட் இருந்தது உறுதியாகத் தெரிவதால், லுஹரை இரு மத்ஹபின்படியும் திருப்பித் தொழ வேண்டும். அறியாமை பாவத்தைத்தான் நீக்கும், தொழுகையை நிறைவேற்றிவிடாது. பிறகு ஒட்டியிருக்கவும் வாய்ப்புண்டு என்றால் திருப்ப வேண்டியதில்லை.

நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: செதிலாகப் பெயர்ந்தால் அது தடை, மருதாணிபோல் நிறம் மட்டும் தோலில் ஊறியிருந்தால் தடையில்லை.

தெமட்டகொட வாப்பா: ஜஸாகல்லாஹு கைரன். தொழுகையைத் திருப்பச் சொல்கிறேன். மகனுக்கும் முழங்கை அடிக்கடி உலர்ந்தே கிடக்கிறது.

மத்ரஸா ஆசிரியர்: பிள்ளைகள் கையைத் தாழ்த்திப் பிடிப்பதால் நீர் விரல் வழியே வடிந்து, முழங்கையின் பின்புறம் நனையாமல் போகும். கையை மடக்கி உயர்த்தச் சொல்லி, மறு உள்ளங்கையால் முழங்கையை ஒருமுறை சுற்றித் தேய்க்கப் பழக்குங்கள். குதிகாலிலும் இதே குறைதான். அதைப் பற்றி ஹதீஸில் கடும் எச்சரிக்கையே வந்துள்ளது. நான் வகுப்பில் ஒருவரையொருவர் பார்க்க விடுவேன். மற்றவனின் உலர்ந்த இடத்தைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு அலாதி ஆர்வம். உங்கள் மகன் அதை ஏற்கெனவே செய்துவிட்டான்.

தெமட்டகொட வாப்பா: ஒன்று மட்டும் மிச்சம். டர்பன்டைன் தடவியும் மச்சானின் நகக்கண்ணில் சிறிது பெயின்ட் போகவில்லை. மேலும் தேய்த்தால் தோல் உரிகிறது.

மத்ரஸா ஆசிரியர்: அவ்வளவு சிறியதை மன்னிக்கலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கையை நேரில் காட்டி உங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் கேளுங்கள்.